ஒரு பயனாளிக்கு எவ்வளவு செலவு: பயிற்சித் திட்ட பட்ஜெட்டை நிதி தருபவர் எப்படிப் படிக்கிறார்

கேள்வி: தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றுக்கு நிதி கேட்டு விண்ணப்பித்தோம். மொத்த பட்ஜெட்டைப் பயனாளிகளின் எண்ணிக்கையால் வகுத்து ஒருவருக்கான செலவைக் காட்டியிருந்தோம். "தொகை அதிகமாகத் தெரிகிறது, செலவுக்கேற்ற பலன் இருக்கிறதா என்று விளக்குங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை எப்படித்தான் கணக்கிடுவது? அவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில்:

நீங்கள் வகுத்ததில் தப்பில்லை. ஆனால் அந்த வகுத்தல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: ஒருவரை வகுப்பில் சேர்க்க எவ்வளவு ஆகும்? நிதி தரும் நிறுவனத்தின் அலுவலர் கேட்பது, ஒருவர் வாழ்க்கையில் ஏதாவது மாற எவ்வளவு ஆகும் என்பதை. இரண்டுக்கும் மேலே இருக்கும் தொகை ஒன்றுதான், கீழே வகுக்கிற எண்தான் வேறு. விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரைக்கும் பக்கத்திலும் சில வருடம் இருந்திருக்கிறேன், எழுதிக் கொடுக்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவரை, பேச்சு முறிவது பெரும்பாலும் இந்தக் கீழ் எண்ணில்தான்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடலாம். பணம் எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், நான் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். வீட்டு மின்வயரிங்கும் சூரியப் பலகை பொருத்துவதும் சொல்லிக்கொடுக்கும் 12 வாரப் பயிற்சி. ஒரு பேட்சுக்கு 30 பேர், வருடத்துக்கு 4 பேட்ச், ஆக 120 பேர். இரண்டு பயிற்றுநர்களின் சம்பளம் 6 லட்சம், இடமும் மின்சாரமும் 2 லட்சம், கருவிகள் 4 லட்சம், கம்பி, சுவிட்ச் மாதிரி தீர்ந்துபோகிற பொருட்கள் 1 லட்சத்து 80 ஆயிரம், பயிற்சி பெறுபவர்களுக்கான போக்குவரத்து உதவித்தொகை 3 லட்சத்து 60 ஆயிரம், ஒருங்கிணைப்பாளரும் வேலைவாய்ப்பு அலுவலரும் சேர்ந்து 3 லட்சத்து 60 ஆயிரம், பாடத்திட்டம் எழுத 2 லட்சம், முடித்தவர்களைப் பின்தொடர்ந்து விசாரிக்க 1 லட்சம். கூட்டினால் 24 லட்சம். இதன் மேல் தலைமை அலுவலக நிர்வாகச் செலவு 10 சதவீதம், 2 லட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 26 லட்சத்து 40 ஆயிரம். 120 ஆல் வகுத்தால் ஒருவருக்கு 22,000.

நீங்கள் காட்டியிருப்பது இந்த எண்ணைத்தான். இப்போது கீழே போவோம். சேர்ந்த 120 பேரில் 96 பேர் கடைசி வரை வந்து தேர்வு எழுதினார்கள் என்று வையுங்கள். முடித்த ஒருவருக்கான செலவு 27,500. பயிற்சி முடிந்து 6 மாதம் கழித்து விசாரித்தால் 60 பேர் அந்தத் தொழிலில் வேலையில் இருக்கிறார்கள். வேலையில் அமர்ந்த ஒருவருக்கான செலவு 44,000. ஒரே பட்ஜெட், ஆனால் எண் இரட்டிப்பாகிவிட்டது. விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் உங்கள் விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டே ஓரத்தில் இந்தக் கணக்கைத்தான் போடுவார். நீங்களே போட்டுக் காட்டினால் அவர் உங்கள் எண்ணை வைத்து யோசிப்பார். காட்டாவிட்டால் தானாக ஒரு இடைநிற்றல் விகிதத்தை ஊகித்துக்கொள்வார், அந்த ஊகம் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னும் ஒரு படி இருக்கிறது, அதுதான் கடினமானது. வேலையில் இருக்கும் அந்த 60 பேரில் எத்தனை பேருக்கு உங்கள் பயிற்சி இல்லாமலே வேலை கிடைத்திருக்கும்? தானாக முன்வந்து பயிற்சிக்கு வருகிறவர்கள் பொதுவாகவே முனைப்பு உள்ளவர்கள், அவர்களில் சிலர் எப்படியும் ஏதாவது ஒரு வேலைக்குப் போயிருப்பார்கள். விண்ணப்பித்தும் இடம் கிடைக்காமல் போனவர்களை அதே 6 மாதம் கழித்து விசாரித்தீர்கள், அவர்களில் 30 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (அப்படி ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் அந்தத் தொழிலை மட்டும், மறுபக்கம் எல்லா வேலையையும் எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். இந்த உதாரணத்தில் உங்கள் ஆட்களில் வேறு தொழிலுக்குப் போனவர்கள் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.) அந்த 30 சதவீதத்தை உங்கள் 120 பேருக்குப் பொருத்தினால் 36 பேர். அதாவது 60 பேரில் 36 பேர் எப்படியும் போயிருப்பார்கள், பயிற்சியால் கூடுதலாகக் கிடைத்தது 24 வேலைகள். 26 லட்சத்து 40 ஆயிரத்தை 24 ஆல் வகுத்தால் 1 லட்சத்து 10 ஆயிரம்.

இது பயமுறுத்தும் எண்தான். ஆனால் உண்மை நிலவரத்தோடு வைத்துப் பார்த்தால் என் உதாரணம் மிகத் தாராளமானது. உலக வங்கியின் பொருளாதார அறிஞர் டேவிட் மெக்கென்சி, வளரும் நாடுகளில் நடந்த தொழிற்பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்டார். பயிற்சி வாய்ப்பு தரப்பட்ட 100 பேரில், அது இல்லாமல் வேலை கிடைத்திருக்காது என்று சொல்லக்கூடியவர்கள் சராசரியாக மூன்று பேருக்கும் குறைவு என்பது அதில் தெரிந்தது. என் உதாரணத்தில் 100-க்கு 20. நிதி தரும் நிறுவனங்களில் இந்தத் துறையைப் பார்ப்பவர்கள் பலருக்கு இது தெரியும். அதனால் "எங்கள் பயிற்சியால் 90 சதவீதம் பேருக்கு வேலை" என்று எழுதினால் அவர்கள் அசந்துபோவதில்லை, சந்தேகப்படுகிறார்கள். எல்லாத் திட்டமும் ஒப்பீட்டுக் குழு வைத்து ஆய்வு செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சிறிய நிறுவனத்துக்கு அது முடியாது. குறைந்தது இடம் கிடைக்காதவர்களின் தொலைபேசி எண்களை வைத்திருந்து 6 மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். அது துல்லியமான ஒப்பீடு ஆகாது, ஏனென்றால் நீங்கள் தேர்ந்தெடுத்தவர்களும் விட்டவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஆனாலும் ஒன்றுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

சரி, மேலே இருக்கும் தொகைக்கு வருவோம். இதில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது, ஒன்று செலவைக் குறைத்துக் காட்டுகிறது, இன்னொன்று கூட்டிக் காட்டுகிறது.

குறைத்துக் காட்டுவது: யாரோ இலவசமாகக் கொடுத்த கூடம், சம்பளம் வாங்காமல் வந்து பாடம் எடுத்தவர், வேறு திட்டத்தின் பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதில் பாதி நாள் வேலை செய்யும் கணக்காளர், இவர்களெல்லாம் பட்ஜெட்டில் இல்லாமல் போய்விடுகிறார்கள். கல்விப் பொருளாதாரத்தில் ஹென்றி லெவின் உருவாக்கிய ஒரு முறை உண்டு, சமையலுக்குப் பொருட்பட்டியல் போடுகிற மாதிரி, திட்டம் நடக்கத் தேவையான ஒவ்வொன்றையும் யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் எழுதி, அதற்கு விலை போடுவது. கேட்கிற நிதி வேறு, திட்டத்தின் உண்மையான செலவு வேறு என்று இரண்டு பத்தியாகக் காட்டுங்கள். அது உங்களுக்கு நல்லதுதான்: சொந்தப் பங்களிப்பு வெளியே தெரியும், அடுத்த வருடம் அந்தக் கூடம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பதில் கையில் இருக்கும்.

கூட்டிக் காட்டுவது இதைவிட அதிகம் நடக்கிறது, உங்கள் விஷயத்திலும் இதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் உதாரணத்தில் கருவிகள் 4 லட்சம், பாடத்திட்டம் 2 லட்சம். இவை ஒரு வருடத்தில் தீர்ந்துபோகிற செலவுகள் இல்லை. கருவிகள் நான்கு வருடம் உழைக்கும், பாடத்திட்டமும் சின்னச் சின்னத் திருத்தத்தோடு நான்கு வருடம் ஓடும் என்றால், இந்த வருடத்தின் பங்கு 6 லட்சம் அல்ல, ஒன்றரை லட்சம்தான். அப்போது நேரடிச் செலவு 19 லட்சத்து 50 ஆயிரம், நிர்வாகச் செலவோடு 21 லட்சத்து 45 ஆயிரம், ஒருவருக்கு 17,875. இதற்காக பட்ஜெட்டை மாற்றாதீர்கள். கேட்கும் பணம் 26 லட்சத்து 40 ஆயிரம்தான், ஏனென்றால் கருவிகளை இந்த வருடமே வாங்கியாக வேண்டும். விளக்கத்தில் மட்டும், "முதல் வருடத்தில் ஒருவருக்கு 22,000, இதில் ஒருமுறை மட்டும் ஆகும் செலவுகள் 5,500. இரண்டாம் வருடத்திலிருந்து 16,500" என்று எழுதுங்கள். (ஒருமுறைச் செலவு 6 லட்சம், அதன் மேல் 10 சதவீதம், மொத்தம் 6 லட்சத்து 60 ஆயிரம், அதை 120 ஆல் வகுத்தால் 5,500.) "அதிகமாகத் தெரிகிறது" என்ற கேள்வி இந்த ஒரு வரியிலேயே அடங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

நிர்வாகச் செலவு பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு நிதி நிறுவனத்துக்கும் இதில் விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி மானியங்களில் பொதுவாக நேரடிச் செலவில் 7 சதவீதம்தான் உச்சவரம்பு. அமெரிக்க அரசு மானியங்களில் தனியாக விகிதம் பேசி வைக்காத நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது 10 சதவீதமாக இருந்து, 2024 அக்டோபரிலிருந்து 15 ஆனது, அதுவும் எல்லா நேரடிச் செலவின் மேலும் இல்லை, சில இனங்களைக் கழித்துவிட்டுத்தான். ஆக அதே பயிற்சியில் ஒருவருக்கு ஆகும் செலவு, அதாவது ஆள்செலவு, யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மாறும். வேறு திட்டத்தோடு ஒப்பிடும்போது நிர்வாகச் செலவை நீக்கிவிட்டு ஒப்பிடுவது நியாயம்.

இப்போது, அவர்கள் எதோடு ஒப்பிட்டு "அதிகம்" என்கிறார்கள்? பெரும்பாலும் கையில் இருக்கும் மற்ற விண்ணப்பங்களோடு. பக்கத்தில் இருக்கும் விண்ணப்பம் இரண்டு நாள் பட்டறையாக இருக்கலாம், அதில் ஒருவருக்கு 1,500. அதன் பக்கத்தில் உங்கள் 22,000 பூதமாகத் தெரியும். இதற்குத்தான் ஒரு மணி நேரப் பயிற்சிக்கான செலவைச் சொல்ல வேண்டும். 12 வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 6 மணி நேரம், மொத்தம் 360 மணி. 22,000-ஐ 360 ஆல் வகுத்தால் சுமார் 61. பட்டறை 12 மணி நேரம், 1,500-ஐ வகுத்தால் 125. ஆள்செலவில் பதினைந்து மடங்கு அதிகமாகத் தெரிந்த உங்கள் பயிற்சி, மணிக்கணக்கில் பாதி விலைதான். இதில் ஏமாற்றும் இருக்கக்கூடாது: அட்டவணையில் இருக்கும் மணி நேரம் அல்ல, வருகைப்பதிவில் இருக்கும் மணி நேரத்தை எடுங்கள். மணி நேரம் குறைந்த விலையில் கிடைப்பதாலேயே பயிற்சி நல்லது என்றும் ஆகிவிடாது, ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிடுவதை இது தடுக்கிறது, அவ்வளவுதான்.

பிரிட்டன் அரசின் வெளிநாட்டு உதவியில் இந்த மதிப்பீட்டை நான்கு கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள், வேறு பலரும் அதையே பின்பற்றுகிறார்கள்: வாங்கும் பொருளும் ஆளும் நியாயமான விலைக்கு வாங்கப்பட்டதா, அதை வைத்து எவ்வளவு பயிற்சி நடந்தது, அந்தப் பயிற்சியால் என்ன மாறியது, யாருக்கு மாறியது. பட்ஜெட் குறிப்பு எழுதுபவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். மூன்று கடைகளில் விலை கேட்டோம், குறைந்த விலைக்கு வாங்கினோம் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். செலவுக்கேற்ற பலன் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது.

அதனால்தான், "அதிகம்" என்று சொன்னதும் உடனே எதையாவது வெட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் வெட்டு விழுவது எப்போதும் உதவித்தொகை மேல்தான், ஏனென்றால் அதை எடுத்தால் வகுப்பு நின்றுவிடாது. நம் உதாரணத்தில் அதை எடுத்துவிட்டால் மொத்தம் 22 லட்சத்து 44 ஆயிரம், ஆள்செலவு 18,700. தாளில் அழகாக இருக்கும். ஆனால் போக்குவரத்துக்குக் காசு இல்லாதவர்கள் ஐந்தாவது வாரத்தில் நின்றுவிடுவார்கள். முடிப்பவர்கள் 96-லிருந்து 72 ஆகக் குறைந்தால், முடித்தவருக்கான செலவு 27,500-லிருந்து ஏறத்தாழ 31,170 ஆகிவிடும். பணத்தைக் குறைத்து விலையை ஏற்றியிருக்கிறோம்!

இதில் எல்லைக்கோடு எங்கே என்பதையும் கண்டுபிடிக்கலாம். வெட்டிய பிறகு வரும் 22,44,000-ஐ வெட்டுவதற்கு முன்பிருந்த 27,500 ஆல் வகுத்தால் 81.6. அதாவது 82 பேராவது முடித்தால்தான் இந்த வெட்டு லாபம், 81-க்கு இறங்கினால் நஷ்டம். இதை அப்படியே அலுவலரிடம் சொல்லுங்கள்: "உதவித்தொகையை நீக்கினால் 15 பேர் கூடுதலாக நின்றாலே முடித்தவருக்கான செலவு இப்போதைவிடக் கூடிவிடும், எங்கள் முந்தைய பேட்சில் பாதியில் நின்றவர்களில் இத்தனை பேர் போக்குவரத்தைக் காரணமாகச் சொன்னார்கள்." நின்றவர்களைக் கூப்பிட்டு ஏன் நின்றீர்கள் என்று கேட்டு எழுதி வைத்திருந்தால்தான் இந்த வாக்கியத்தை எழுத முடியும். இன்னும் கேட்காவிட்டால் இந்த வாரமே கேளுங்கள்.

பயனாளி எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆள்செலவைக் குறைக்க அதுதான் சுலபமான வழியாகத் தெரியும். 120 பேர், வீட்டுக்கு 5 பேர், ஆக 600 பயனாளிகள் என்று எழுதுவார்கள். குடும்பத்தினரை மறைமுகப் பயனாளிகள் என்று தனியாக ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் வகுப்பதற்கு அந்த எண்ணை எடுக்கக்கூடாது. இன்னொன்று, தெரியாமலே நடக்கும் இரட்டை எண்ணிக்கை. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் வருடம் முழுக்க நடந்த பட்டறைகளின் கையெழுத்துத் தாள்களைக் கூட்டி 400 பயனாளிகள் என்று அறிக்கை தயாரித்திருந்தார்கள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தபோது 170 பேர்தான் இருந்தார்கள், அவர்களே திரும்பத் திரும்ப வந்திருந்தார்கள். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அறிவித்த ஆள்செலவு உண்மையில் இருந்ததில் பாதிகூட இல்லை, அடுத்த வருட பட்ஜெட்டும் அந்தப் பொய் எண்ணின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. ஆளுக்கு ஒரு அடையாள எண் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

கூடுதலாகக் கிடைத்த வேலை ஒன்றுக்கு ஆகும் அந்த 1 லட்சத்து 10 ஆயிரத்தை என்ன செய்வது? அதை வருமானத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடுதலாக வேலை பெற்ற ஒருவர் மாதம் 3,000 அதிகம் சம்பாதிக்கிறார் என்றால் வருடத்துக்கு 36,000. செலவு திரும்ப வர மூன்று வருடத்துக்குச் சற்று மேல், 37 மாதம். அப்படியானால் அந்த வேலையில் அவர்கள் குறைந்தது மூன்று வருடம் நிலைக்கிறார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. 6 மாதத்தோடு பின்தொடர்வதை நிறுத்திவிட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. பட்ஜெட்டில் உதவித்தொகைக்கு அடுத்தபடியாக வெட்டப்படுவது இந்தப் பின்தொடர்தல் செலவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அந்த 1 லட்சம் இல்லாவிட்டால் மேலே நாம் போட்ட கணக்கில் பாதியை யாராலும் போட முடியாது.

கடைசியாக, எல்லாம் சரியாகப் போட்டும் உங்கள் எண் மற்றவர்களைவிட உண்மையிலேயே அதிகமாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்திருக்கிறீர்கள், சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது, அல்லது குழந்தையோடு வரும் பெண்களுக்காகக் குழந்தைப் பராமரிப்பு வைத்திருக்கிறீர்கள். அப்போது அதைச் சராசரிக்குள் கரைத்துவிடாதீர்கள். 120 பேரில் 12 பேருக்குக் கூடுதலாக ஆகும் செலவைத் தனி வரியாகப் பிரித்து, மீதி 108 பேருக்கு எவ்வளவு, இந்த 12 பேருக்கு எவ்வளவு என்று இரண்டு எண்ணாகக் கொடுங்கள். அந்த 12 பேரை விட்டுவிட்டால் சராசரி எவ்வளவு குறையும் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். அந்தத் தொகையை மிச்சப்படுத்துவதா வேண்டாமா என்ற முடிவை அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கட்டும்.